4-ஐ 4.1 ஆக்கினால் விடை சரியாக வருகிறதே?

கேள்வி: F(x, y) = (x² − y, xy) என்ற சார்புக்கு (2, 3) புள்ளியில் ஜாகோபியன் போட்டேன். x-ஐ 2.1, y-ஐ 3.2 ஆக்கினால் விடை கொஞ்சம் தள்ளி வருகிறது. விளையாட்டாக அணியின் முதல் உறுப்பு 4-ஐ 4.1 ஆக்கினேன், முதல் கூறு அச்சு அசலாக வந்துவிட்டது! அப்புறம் எப்படி ஜாகோபியனை ‘மிகச் சிறந்த நேரியல் தோராயம்’ என்கிறார்கள்?

பதில்: உங்கள் கணக்கில் தப்பே இல்லை. அதையே இன்னும் ஓர் அடி உள்ளே போய்ப் பார்ப்போம்.

பகுதி வகைக்கெழுக்களை அடுக்கினால் முதல் நிரை (2x, −1), இரண்டாவது (y, x). (2, 3)-ல் அவை (4, −1), (3, 2). F(2, 3) = (1, 6). நகர்வு h = (0.1, 0.2). அணியை இதனால் பெருக்கினால் (0.4 − 0.2, 0.3 + 0.4) = (0.2, 0.7). ஆக, தோராயம் (1.2, 6.7). உண்மையான மதிப்பு (1.21, 6.72). பிழை (0.01, 0.02). நீங்கள் 4.1 போட்டதும் முதல் கூறு 1 + 0.41 − 0.2 = 1.21. கச்சிதம்தான்.

இப்போது நகர்வைப் பத்தில் ஒன்றாக்குங்கள்: (0.01, 0.02). உண்மையான முதல் கூறு 1.0201. ஜாகோபியன் தருவது 1.02, பிழை 0.0001. உங்கள் 4.1 தருவது 1.021, பிழை 0.0009, அதாவது ஒன்பது மடங்கு. இன்னொரு முறை பத்தில் ஒன்றாக்கினால் ஜாகோபியனின் பிழை 0.000001, உங்களுடையது 0.000099. முதல் தடவை உங்கள் அணி ஜெயித்தது, அதில் கூட்டிய 0.1-ம் நகர்வின் 0.1-ம் தற்செயலாக ஒன்றாக அமைந்ததால்தான்.

‘சிறந்தது’ என்றால் ஒவ்வொரு நகர்விலும் ஜெயிப்பது என்று பொருளில்லை. பிழையை நகர்வின் நீளத்தால் வகுத்தால், நகர்வு சுருங்கச் சுருங்க அந்த விகிதமும் பூச்சியத்துக்குப் போக வேண்டும். இதைச் செய்யும் அணி ஒன்றே ஒன்றுதான். A, B என்று இரண்டு இருந்தால் (A − B)h-ஐ h-ன் நீளத்தால் வகுத்ததும் பூச்சியத்தை நெருங்க வேண்டும். ஆனால் ஒரே திசையில் h எவ்வளவு சுருங்கினாலும் அந்த விகிதம் மாறாது. எல்லாத் திசையிலும் அது பூச்சியம் என்றால் A = B.

கையால் போட்ட ஜாகோபியனைக் கணினியில் சரிபார்க்கவும் இதுவே வழி. நகர்வைப் பத்தில் ஒன்றாக்கினால் பிழை சுமார் நூறில் ஒன்றாக வேண்டும். பத்தில் ஒன்றாக மட்டும் குறைந்தால் ஏதோ ஓர் உறுப்பு தவறு. 0.001 வரை போனால் போதும். ரொம்பச் சின்ன நகர்வு கொடுத்தால் தசமத்தை முழுமையாக்கும் பிழையே மேலோங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: பகுதி வகைக்கெழுக்கள் இருந்தாலே தோராயம் அமைந்துவிடாது. √|xy|-க்கு (0, 0)-ல் இரண்டுமே 0. ஆனால் (t, t) திசையில் மதிப்பு |t|. விகிதம் 1/√2-லேயே நிற்கும், இறங்காது. உங்கள் சார்பு பல்லுறுப்புக்கோவை, வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை. அங்கே இந்தத் தொல்லை வராது.