மலேசிய வாடகை: அங்கே வரி கட்டியாயிற்று, இங்கேயுமா?

கேள்வி: 22 வருஷம் மலேசியாவில் உழைத்துவிட்டு, 2019 மே 15 அன்று குடும்பத்தோடு காரைக்குடிக்குத் திரும்பிவிட்டேன். கிள்ளானில் என் கடைவீடு மாதம் 3,000 ரிங்கிட் வாடகைக்குப் போகிறது. அங்கே 30% வரியும் கட்டுகிறேன். இங்கே கணக்கில் காட்டியதில்லை, ஆடிட்டரும் கேட்டதில்லை. இப்போது வெளிநாட்டுச் சொத்து பற்றி வருமான வரித்துறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே 'மலேசிய வருமானத்துக்கு இங்கே வரி இல்லை' என்று சொல்லிவிட்டதாக மைத்துனர் சொல்கிறார். அதைக் காட்டிப் பதில் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஆடிட்டர் கேட்டாரா இல்லையா என்பதும் பயன்படாது. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தந்த ஆண்டில் நீங்கள் இந்தியாவில் எந்த வகை வசிப்பாளர்?

மைத்துனர் சொல்லும் தீர்ப்பு உண்மையில் இருக்கிறது. 2004-ல் குலந்தாகன் செட்டியார் வழக்கில், ஈப்போ ரப்பர் தோட்ட வருமானத்துக்கு மலேசியா மட்டுமே வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொத்து இருக்கும் நாடு 'வரி விதிக்கலாம்' என்று இந்திய-மலேசிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் இருந்ததை, வசிக்கும் நாடு விதிக்கக் கூடாது என்று நீதிமன்றம் படித்தது. 2008 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை போட்டு அந்த அர்த்தத்தை மாற்றிவிட்டது. 'விதிக்கலாம்' என்றால், இந்திய வசிப்பாளரின் மொத்த வருமானத்தில் அதுவும் சேரும்; அங்கே கட்டிய வரி இங்கே கழியும். இப்போது நடப்பில் உள்ள 2012 ஒப்பந்தத்திலும் அதே சொல்தான். வருமானம் பிறந்த நாடு என்பதால் மலேசியாவுக்கு முதல் உரிமை. நீங்கள் வசிக்கும் நாடு என்பதால் இந்தியாவுக்கும் உரிமை உண்டு.

திரும்பி வந்தவர்களுக்கு ஒரு சலுகைக் காலம் உண்டு. முந்தைய 10 ஆண்டுகளில் 9-ல் வெளிநாட்டு வசிப்பாளராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளைத் தாண்டாவிட்டாலோ, இந்த வாடகைக்கு இங்கே வரி இல்லை. 2019-20, 2020-21 இரண்டும் உங்களுக்கு அப்படிக் கழிந்துவிடும். 2021-22 தான் இழுபறி. வந்த நாளிலிருந்து 2021 மார்ச் 31 வரை 687 நாள். மிச்சம் 42 நாள். 2014 ஏப்ரலிலிருந்து 2019 மே 14 வரை விடுமுறைக்கு வந்துபோன நாட்கள் எல்லாம் சேர்த்து அதற்குள் அடங்கினால் அந்த ஆண்டும் தப்பிக்கும். பழைய பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரைகளை எண்ணிப் பாருங்கள். 2022-23 முதல் தப்ப வழியில்லை.

வரித்தொகை எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டு வாடகை 36,000 ரிங்கிட். செலவுகள் 6,000 போனால் மலேசியாவில் 30,000-க்கு 30%, அதாவது 9,000 ரிங்கிட். இந்தியாவில் நகராட்சி வரி 2,000 என்று வைத்து, மீதியில் 30% நிலையான கழிவு போனால் 23,800. நீங்கள் 30% அடுக்கில் இருந்தாலும் செஸ் சேர்த்து இங்கே வரி சுமார் 7,430 ரிங்கிட்தான். 9,000 அங்கே கட்டியிருப்பதால் இங்கே கட்ட வேண்டியது பூஜ்யம். மிஞ்சும் 1,570-ஐ இந்தியா திருப்பித் தராது.

வரி பூஜ்யம்தானே என்று கணக்கில் காட்டாமல் விட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சலுகைக் காலம் முடிந்த முழு வசிப்பாளர், வெளிநாட்டு வீட்டைப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலான Schedule FA-வில் காட்டாவிட்டால், கறுப்புப் பணச் சட்டம் 2015-ன்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வரி பாக்கி இருக்கிறதா என்பதே கேள்வியில்லை. 20 லட்சத்துக்குக் கீழான சொத்துக்குத் தந்த விலக்கு நிலம், வீட்டுக்குப் பொருந்தாது. மறைத்த வாடகைக்கு 30% வரி, அதன் மூன்று மடங்கு அபராதம் என 120% வரை போகும். இந்தச் சட்டத்தில் செலவுக் கழிவும் கிடையாது. வீட்டை யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. வாடகை விழும் மலேசிய வங்கிக் கணக்கு விவரம் 2018 முதல் தானாக இந்தியாவுக்கு வருகிறது.

சண்டை வேண்டாம், ஒப்புக்கொண்டு சரிசெய்யுங்கள். திருத்திய படிவத்துக்கு அவகாசம் உள்ள ஆண்டில் உடனே தாக்கல் செய்து, வெளிநாட்டு வருமானத்துக்கு Schedule FSI, அங்கே கட்டிய வரிக்கு TR, சொத்துக்கு FA மூன்றையும் நிரப்புங்கள். வரிக் கழிவுக்கு Form 67 தனியாக வேண்டும். மலேசிய வரி ரசீதை இணையுங்கள். மலேசியாவுக்கு ஜனவரி-டிசம்பர், நமக்கு ஏப்ரல்-மார்ச். ரசீதை நம் நிதியாண்டுக்குப் பிரித்துக் காட்டாமல் அப்படியே போட்டால் வரிக் கழிவு நிராகரிக்கப்படலாம். வாடகையை ரூபாயாக்க மார்ச் 31-ன் ஸ்டேட் வங்கி வாங்கும் விலை. வரிக்கு, கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விலை.

அவகாசம் முடிந்த ஆண்டுகளுக்கு, பின்னால் புதுப்பித்துத் தாக்கல் செய்யும் ITR-U படிவம் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். கூடுதல் வரி வராத கணக்கை அது ஏற்காது, உங்கள் கணக்கு அப்படித்தான். அந்த ஆண்டுகளுக்கு, வாங்கிய பத்திரம், அப்போதைய மலேசியச் சம்பளச் சான்று, ஆண்டுதோறும் கட்டிய வரி ரசீது மூன்றையும் சேர்த்து, நோட்டீஸ் வரும் முன்னால் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். அபராதம் 'விதிக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர் மனம் இளக அந்தக் காகிதங்கள்தான் ஆதாரம்.