90 கோடி எங்கிருந்து வந்தது?

வணக்கம். நான் கொஞ்சம் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கை இணைத்திருக்கிறேன். விற்பனை போன வருடம் 1000 கோடி, இந்த வருடம் 1100. நிகர லாபமும் 75 கோடியிலிருந்து 90 ஆகியிருக்கிறது. ஆனால் கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "வியாபாரம் இறங்குகிறது" என்கிறார். எங்கே இறங்குகிறது? எனக்கு முதல் வரியும் கடைசி வரியும்தான் புரிகிறது.
ர.

அன்புள்ள ர.,

நண்பர் சொல்வது சரிதான். அவர் நடுவில் இருக்கும் வரிகளைப் படித்திருக்கிறார்.

மேலிருந்தே வருவோம். முதல் வரியில் உள்ள 1100 கையில் வந்த பணம் இல்லை. பொருளை வாங்குபவரிடம் ஒப்படைத்துவிட்டால் அது வருவாயாக ஏறிவிடும், பணம் மூன்று மாதம் கழித்து வந்தாலும் சரி. அதனால் நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று ஒரு முறை பாருங்கள். விற்பனை 10 சதவீதம் கூடியிருக்கும்போது பாக்கி 30 சதவீதம் கூடியிருந்தால், வருடக் கடைசியில் சரக்கைக் கடனில் தள்ளிவிட்டார்களோ என்று சந்தேகப்படலாம். நீங்கள் அனுப்பியதில் அந்தப் பக்கம் இல்லை.

அடுத்த வரி, விற்ற பொருளின் அடக்கச் செலவு. போன வருடம் 600, இந்த வருடம் 693. இதை விற்பனையில் கழித்தால் வருவது மொத்த லாபம்: அப்போது 400, இப்போது 407. 7 கோடி கூடியதாகத் தெரியும். ஆனால் 100 ரூபாய்க்கு விற்றால் முன்பு 40 ரூபாய் நின்றது, இப்போது 37 ரூபாய்தான் நிற்கிறது. விற்பனை 10 சதவீதம் ஏற, அடக்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. மூலப்பொருள் விலை ஏறியிருக்கலாம், அல்லது தள்ளுபடி கொடுத்து விற்றிருக்கலாம். எது என்று இந்தத் தாள் சொல்லாது. ஆனால் நண்பர் சொன்ன இறக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

அதற்குக் கீழே சம்பளம், வாடகை, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 220 இருந்தது 247 ஆகியிருக்கிறது. தேய்மானம், அதாவது இயந்திரத்தின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதும் செலவு, இரண்டு வருடமும் 40. இந்த வரி மாறாமல் இருப்பது நல்லதுதான். 400 கோடி இயந்திரத்தை 10 வருடத்தில் தேய்த்தால் வருடத்துக்கு 40. "இனி 16 வருடம் உழைக்கும்" என்று மதிப்பீட்டை மாற்றினால் 25தான். ஒரு திருகாணிகூட மாறாமல் லாபம் 15 கோடி ஏறிவிடும். தேய்மானம் திடீரென்று குறைந்தால் கணக்கோடு வரும் விளக்கக் குறிப்புகளைப் புரட்டுங்கள்.

இவ்வளவும் கழித்து நிற்பது செயல்பாட்டு லாபம், அதாவது தொழில் மட்டும் சம்பாதித்தது. 140 இருந்தது 120 ஆகிவிட்டது. சில அறிக்கைகளில் இந்த வரியே இருக்காது, இருந்தாலும் ஆளுக்கொரு விதமாகக் கோடு போடுவார்கள். 2027 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதி இதைக் கட்டாயமாக்கி, எதைச் சேர்க்கலாம் என்றும் வரையறுக்கிறது. அதுவரை நாமே பென்சிலால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் வட்டி. 50 இருந்தது 60. முன்பு செயல்பாட்டு லாபம் வட்டியைப் போல 2.8 மடங்கு இருந்தது, இப்போது சரியாக 2 மடங்கு. தொழில் சம்பாதிப்பதில் பாதி கடன்காரருக்குப் போகிறது.

இதர வருமானம் இரண்டு வருடமும் 10, அதை விடுங்கள். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம்: "சொத்து விற்ற வகையில் லாபம், 50". போன வருடம் அந்த இடம் காலி. 120உடன் 10ஐயும் 50ஐயும் கூட்டி, வட்டி 60 கழித்தால் வரிக்கு முந்தைய லாபம் 120. அதில் கால்வாசி, அதாவது 30, வரியாகப் போய் நீங்கள் பார்த்த 90 வருகிறது.

இப்போது அந்த 50ஐ எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். வரிக்கு முன் 70. அதே கால்வாசி வரி என்று வைத்துக்கொண்டால் 17.5 போக 52.5. போன வருடத்து 75உடன் ஒப்பிட்டால் 30 சதவீதம் சரிவு. நீங்கள் பார்த்ததோ 20 சதவீத வளர்ச்சி.

நானும் ஒரு காலத்தில் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கியவன்தான். அடுத்த வருடம் விற்க அந்த நிறுவனத்திடம் இன்னொரு கட்டடம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் நிறுவனத்தின் கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை, தனி வரியில் வெளிப்படையாகத்தான் போட்டிருக்கிறார்கள். எந்தச் சொத்தை விற்றார்கள், அந்தப் பணம் கடனை அடைக்கப் போனதா என்பது குறிப்புகளில் இருக்கும். கடன் அடைந்திருந்தால் அடுத்த வருடம் வட்டிச் செலவு இறங்கும். அந்தப் பக்கங்களையும் பாக்கிக் கணக்கையும் அனுப்பினால் மீதியைப் பார்த்துச் சொல்கிறேன்.