103-ஆ, 163-ஆ? குரூப் 4 தாளுக்கு வந்த விடைகளை எப்படி எண்ணுவது

மகள் குரூப் 4 எழுதிவிட்டு வந்த அன்று இரவு, வினாத்தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பயிற்சி மையத்து சார் போட்ட விடைகளோடு ஒப்பிட்டால் 103 சரி. அவளுடைய தோழி எண்ணிச் சொன்னது 163. "எதை நம்பி அவளை இப்போதைய வேலையை விடச் சொல்வது?" என்று கேட்கிறீர்கள். இரண்டையும் நம்பாதீர்கள். நீங்கள் அனுப்பிய எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மகள் எழுதியதில் பெரிய குழப்பம் ஏதுமில்லை, விடைகளை வாங்கி அடுக்கிய விதத்தில்தான் கோளாறு.

முதலில் அந்த 103. சார் விடைகளைப் பத்துப் பத்தாக வரிசை கட்டி, B C A A D என்று எழுத்துகளை மட்டும் அனுப்பியிருக்கிறார், கேள்வி எண் எங்கும் இல்லை. மொத்தத்தை எண்ணிப் பார்த்தேன், 199 எழுத்துகள்தான் இருக்கின்றன. கேள்விகளோ 200. ஒன்று எங்கே போனது? 112-ஆம் கேள்வி இருக்கும் படத்தில் பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. அவர் அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், தாண்டியதைச் சொல்லவில்லை. ஆகவே 113-க்கு அவர் சொன்ன விடையை நீங்கள் 112-க்கு நேராக வைத்தீர்கள். அங்கிருந்து கடைசி வரை 88 விடைகளும் ஒரு படி நழுவிவிட்டன.

எழுத்துகளை எண்ணாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். 111 வரை பத்துக்கு ஏழு, எட்டு என்று பொருந்திக்கொண்டே வருகிறது, மொத்தம் 82. அதன்பின் திடீரென்று பத்துக்கு இரண்டு, மூன்று. 88-இல் 21 மட்டுமே சரி, ஏறக்குறைய நாலில் ஒன்று. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் கிடைப்பதும் அதுதான். முக்கால்வாசி சரியாக எழுதி வந்த பிள்ளை ஒரு பக்கம் திருப்பியதும் அப்படி ஆகிவிட மாட்டாள். இப்படி ஒரு சரிவைக் கண்டால் பிள்ளையைத் திட்டும் முன் எண் வரிசையைப் பாருங்கள். நான் ஒரு இடம் தள்ளி வைத்து ஒப்பிட்டதும் அந்த 21 என்பது 68 ஆகிவிட்டது. மொத்தம் 150.

அந்த 150-உம் முழுக்க உறுதியானதல்ல. சாரிடம் பேசச் சொன்னேன் அல்லவா? 18 கேள்விகளுக்கு "ஊகமாகத்தான் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவற்றில் 9 உங்கள் மகளின் விடையோடு பொருந்தி, சரிக் கணக்கில் ஏறியிருந்தன. அவற்றைக் கழித்தால் உறுதியான சரி 141. உறுதியான தவறு 29, சந்தேகம் 18, மகள் E தெரிவை, அதாவது விடை தெரியவில்லை என்பதைக் கருமையாக்கியவை 8, 112-ஐயும் சேர்த்து, படம் தெளிவில்லாததால் நம்பிக் கணக்கில் எடுக்க முடியாதவை 4. கூட்டினால் 200 வருகிறது. இந்தக் கூட்டல் 200 வராத எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள்.

தோழியின் 163 எப்படி வந்தது என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது. 141-உடன் சந்தேகம் 18-ஐயும் மங்கல் 4-ஐயும் கூட்டினால் அதே 163. தெரியாததையெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள், பிரியத்தில் செய்ததுதான். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. ஆகவே உங்கள் மகளின் மதிப்பெண் 300-க்கு 211.5-இலிருந்து 244.5 வரை எங்காவது இருக்கும். இதற்கு மேல் நுணுக்கமாக இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இனி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து 1 முதல் 200 வரை எண்ணை முதலில் எழுதிவிடச் சொல்லுங்கள், விடை இருக்கிறதோ இல்லையோ. எண் பக்கத்தில் முதல் கட்டம் மகள் கருமையாக்கியது. தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது என்று அறிவுரை இருப்பதால் அதை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். அடுத்தவர் விடையைப் பார்ப்பதற்கு முன் எழுதினால்தான் அது நினைவு. பார்த்த பிறகு, "நானும் C-தான் போட்டேன்" என்று மனசு மாற்றிச் சொல்லும். பொய்யல்ல, உண்மையாகவே அப்படித் தோன்றும். நினைவில்லாததற்கு வட்டம் போடட்டும், அதுவும் சந்தேகக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாம் கட்டம் சார் தரும் விடை. எழுத்தோடு விடையின் முதல் சொல்லையும் கேட்டு வாங்குங்கள்: "64 – C – குறிஞ்சி" என்பது போல. இது ஏன் என்றால், பக்கத்துப் பெஞ்சில் எழுதியவர் தொகுப்பில் கேள்விகளின் வரிசையே வேறாக இருக்கலாம். அவருடைய 87 B உங்கள் மகளுக்கு எதுவும் சொல்லாது, விடைச் சொல் இருந்தால் எந்த வரிசையிலும் தேடிப் பொருத்திவிடலாம். பொருத்துக வகைக் கேள்விகளில் "2 4 1 3" என்று முழுவதையும் எழுதச் சொல்லுங்கள், எழுத்தை மட்டும் நம்பினால் அதில்தான் அதிகம் வழுக்கும்.

மூன்றாம் கட்டத்தில் ஒரே ஒரு குறி. உறுதி என்றால் டிக், ஊகம் என்றால் கேள்விக்குறி, போடாமல் விட்டது என்றால் கோடு, படம் தெரியவில்லை என்றால் "ம". சாருக்கு இந்த நான்கையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் அப்படியே அனுப்புவார், அவருக்கும் வேலை மிச்சம். வெற்றிடமாக மட்டும் எதையும் விடக் கூடாது. வெற்றிடம் என்றால் மறந்ததா, தெரியாததா, எழுதும்போது தவறியதா என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கடைசிக் கேள்வி எண்ணை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டால் போதும், 112-இல் நடந்தது அந்தப் பக்கத்தோடு நின்றிருக்கும்.

தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளுக்குத் தனிக் கூட்டல் போடுங்கள். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், ஆகவே அங்கே டிக் விழுந்து மகளின் விடையும் பொருந்தியதை மட்டும் எண்ணி, ஒன்றரையால் பெருக்கி, 60 தாண்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் மகள் தாராளமாகத் தாண்டிவிட்டாள்.

தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிடும்போது நான்காவது கட்டத்தைச் சிவப்பு மையில் நிரப்பட்டும். அங்கும் எண்ணைப் பார்த்துப் பொருத்தாமல் கேள்வியைப் படித்துப் பொருத்துங்கள். ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவாக ஏழு நாள்தான் தருகிறார்கள். 200-ஐயும் அப்போது புரட்ட நேரம் இருக்காது. சார் டிக் போட்டும் உத்தேச விடை வேறாக வந்த கேள்விகள் நாலைந்துதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் பள்ளிப் பாடநூலில் வகுப்பையும் பக்கத்தையும் தேடி எடுத்து வைத்தால் போதும். கேள்விக்குறி போட்டவற்றுக்கு ஆட்சேபம் எழுதி நாளைக் கரைக்க வேண்டாம், அவற்றில் சாருக்கே நிச்சயமில்லை.

வேலையை இப்போது விட வேண்டாம். 211.5-க்கும் 244.5-க்கும் நடுவே 33 மதிப்பெண் இருக்கிறது, அந்த இடைவெளியில் தரவரிசை எவ்வளவோ மாறிவிடும். உத்தேச விடை வந்து அந்த 18 கேள்விகளும் தெளிந்த பிறகு மறுபடி என்னிடம் வாருங்கள். அந்த 4 மங்கல் கேள்விகளுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதே இல்லை, தொகுப்பு வீட்டில்தானே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக, நான்கு ஓரமும் தெரிய எடுத்து, போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 112-ஐ முதலில்.