பிறந்தநாள் மெசேஜுக்கு "நன்றி" வருகிறது, ஆள் வருவதில்லை

"களியக்காவிளையில் பார்லர். பிறந்தநாள், கல்யாண நாள் அன்று காலையில் 10% தள்ளுபடி என்று தானாக மெசேஜ் போகிறது. நன்றி சொல்கிறார்கள், யாரும் வருவதில்லை."

மெசேஜை 7 நாள் முன்னால் அனுப்புங்கள். பார்லர் வேலையை யாரும் விசேஷத்தன்று வைத்துக்கொள்வதில்லை, அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். உங்கள் வாழ்த்து போகும்போது புருவம் திருத்தியாகிவிட்டது, அதுவும் வேறு கடையில்.

தேதி B பத்தியில் இருந்தால், கூகுள் ஷீட்டில் இது போதும்:

```
=TEXT(B2,"dd-mm")=TEXT(TODAY()+7,"dd-mm")
```

TRUE வரும் வரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

தள்ளுபடியையும் எடுத்துவிடுங்கள். 600 ரூபாய் ஃபேஷியலில் 10% என்றால் கையிலிருந்து 60 ரூபாய் போகிறது, அவருக்கோ அது பரிசாகவே தெரியாது. "எந்த வேலைக்கு வந்தாலும் த்ரெட்டிங் இலவசம், 15 நாளுக்குள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு நூலும் பத்து நிமிடமும்தான் செலவு. அதைப் பெற அவர் நேரில் வந்தே ஆகவேண்டும்.

மாற்றுமுன் ஒன்று பாருங்கள்: எல்லை தாண்டி, கேரளத்தின் பாறசாலைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் தந்தது எந்தத் தேதி? மலையாள மாதத்தில் நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுபவர்களுக்கு ஆதார் தேதியில் வீட்டில் ஒன்றும் இருக்காது. "எப்போது கொண்டாடுவீர்கள், சேச்சி?" என்று பில் போடும்போதே கேட்டு, அந்த வருடத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண நாள் மெசேஜில் மட்டும் கவனம். கணவர் இறந்தவருக்கும் பிரிந்தவருக்கும் அது தானாகப் போய்விடும். "அனுப்பாதே" என்று தனிப் பத்தி ஒன்று வையுங்கள்.