கைபேசியில் படிக்கப்படும் அலுவல் மின்னஞ்சல்: கேள்வி பதில்

அலுவல் கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. அகலமான கணினித் திரையில் எழுதப்படும் மின்னஞ்சலைப் பெறுபவர் பெரும்பாலும் கைபேசியில்தான் படிக்கிறார். இதனால் எழும் சிக்கல்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொள்முதல் பிரிவில் பணியாற்றுபவர்: மேடம், என் பத்தி எதுவும் நான்கு வரியைத் தாண்டுவதில்லை. ஆனாலும் நீளமாக இருக்கிறது என்கிறார் மேலாளர். ஏன்?

நீங்கள் எண்ணுவது உங்கள் திரையில் தெரியும் வரிகளை. கணினியில் சாளரத்தை முழு அகலத்துக்கு விரித்து வைத்தால் ஒரு வரியில் நூறு எழுத்துகளுக்கு மேல் அடங்கும். நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் ஆங்கிலம் என்றால் நாற்பது எழுத்துகள் அளவுக்கு அடங்கலாம்; தமிழில் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை என்பதால், அடுத்த சொல் இடம் போதாமல் கீழே இறங்கிவிட, வரியின் கடைசியில் வெற்றிடமும் விழுகிறது. ஆகவே உங்கள் நான்கு வரிகள் மேலாளரின் கையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ ஆகிவிடுகின்றன. திரையின் மேற்பகுதியைத் தலைப்பும் அனுப்புநர் பெயரும் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் ஒரே பத்தி அடைத்து நிற்கிறது.

எனவே வரிகளை விட்டுவிட்டு வாக்கியங்களை எண்ணுங்கள். ஒரு பத்திக்கு இரண்டு வாக்கியங்கள், மிஞ்சினால் மூன்று போதும். பத்தியை நீளம் பார்த்து வெட்டாமல், பொருள் மாறும் இடத்தில் பிரியுங்கள். காரணம் ஒரு பத்தி, அதனால் நீங்கள் செய்யப்போவது அடுத்த பத்தி. சரிபார்க்க எளிய வழி, முக்கியமான மின்னஞ்சலை முதலில் உங்களுக்கே அனுப்பிக் கைபேசியில் திறந்து பார்ப்பது. எந்தப் பத்தியாவது பாதித் திரையை விழுங்கினால் அதைப் பிரித்தாக வேண்டும்.

விற்பனைப் பிரிவில் இருப்பவர்: நான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் எண்டர் தட்டி வரியைக் குறுக்கிவிடுகிறேன். என் கைபேசியில் அழகாக அமைகிறது. இது சரிதானே?

வரி குறுகலாக இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. ஆனால் அதை நீங்கள் செய்யக் கூடாது, பெறுபவரின் திரை செய்துகொள்ளும். நீங்கள் தட்டும் எண்டர் எழுத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. பெறுபவரின் திரை உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறுகலாக இருந்தாலோ, அவர் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருந்தாலோ, திரை ஓரிடத்தில் வரியை மடிக்கும், உங்கள் எண்டர் இன்னோரிடத்தில் உடைக்கும். விளைவு இப்படி இருக்கும்:

```
நீங்கள் அனுப்பிய வரைவைப்
பார்த்தோம்,
அதில் மூன்றாம் பக்கத்தில்
உள்ள
அட்டவணையில் ஒரு திருத்தம்
உண்டு.
```

நீள வரியும் ஒற்றைச் சொல் வரியும் மாறி மாறி வருவதைக் கண்டால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். பத்தி முடியும் இடத்தில் மட்டும் எண்டர் தட்டுங்கள்.

மின்னஞ்சல் சர்வரைப் பராமரிப்பவர்: கேள்வியல்ல, ஒரு சேர்க்கை. எண்டர் தட்டாதவர்களுக்கும் இது நடக்கும். வெறும் எழுத்து வடிவில் அனுப்பும் சில செயலிகள் 72 அல்லது 76 எழுத்துகளில் தாமாகவே வரியை உடைக்கின்றன. மின்னஞ்சலோடு செல்லும் தொழில்நுட்பக் குறிப்புகளில் `format=flowed` இருந்தால் பெறும் செயலி வரிகளை மீண்டும் ஒட்டலாம். ஆனால் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை.

சரியாகச் சொன்னீர்கள் ஐயா, நன்றி. ஒரு வரி 78 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது என்று மின்னஞ்சலின் அடிப்படை விதிமுறையே பரிந்துரைக்கிறது. அகலமான திரைக்கு ஏற்ற அளவு அது. அலுவலகத்தில் எல்லோருடைய மின்னஞ்சலும் கைபேசியில் பல் போன சீப்பாகத் தெரிகிறது என்றால், எழுதுபவர்களைக் குறை சொல்வதற்கு முன், செயலி வெறும் எழுத்தில் அனுப்புகிறதா என்று பாருங்கள். வழக்கமான எச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மனிதவளப் பிரிவில் பணியாற்றுபவர்: வேர்டில் எழுதி ஒட்டுகிறேன். பத்திகளுக்கிடையே சில நேரம் இடைவெளியே இருப்பதில்லை, சில நேரம் இரட்டிப்பாகிறது.

வேர்டில் பத்திக்குக் கீழே நீங்கள் காணும் இடைவெளி, பெரும்பாலும் வெற்று வரி அன்று. அது அந்தப் பத்தியின் வடிவமைப்பில் ஒளிந்திருக்கும் அளவு. ஒட்டும்போது ஒரு செயலி அதை உதறிவிடுகிறது, வேறொன்று அப்படியே வைத்துக்கொள்கிறது, நீங்கள் வெற்று வரியும் விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பல செயலிகளில் Ctrl+Shift+V அழுத்தினால் வடிவமைப்பு நீங்கி எழுத்து மட்டும் வரும். அதன்பின் பத்திகளுக்கிடையே ஒரே ஒரு வெற்று வரி விடுங்கள். முதல் வரியை உள்ளே தள்ளித் தொடங்குவது அச்சுக்கு அழகு. குறுகிய திரையில் அது பத்திப் பிரிவாகக் கண்ணில் படுவதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேர்டில் வரி உயரத்தைக் குறிப்பிட்ட அளவாகப் பூட்டியிருந்தால், ‘கீ’யின் மேற்சுழியோ ‘மூ’வின் கீழ்ச்சுழியோ வெட்டுப்பட்டுத் தெரியலாம். வடிவமைப்பை நீக்கி ஒட்டினால் இதுவும் தீரும்.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர்: மேலாளரிடம் நான்கு விஷயங்கள் கேட்டேன், முதலாவதற்கு மட்டும் பதில் வந்தது. என் மின்னஞ்சல் இதோ: “பயிற்றுநருக்கு 12ஆம் தேதி வேறு பணி இருப்பதால் வகுப்பை 19ஆம் தேதிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார், அறை அன்று காலியாக உள்ளதா என்றும் பார்க்க வேண்டும், பட்டியலில் இரண்டு புதிய பெயர்கள் வந்துள்ளன, சேர்க்கலாமா, கையேட்டை அச்சிடவா அல்லது பிடிஎஃபாக அனுப்பவா என்பதையும் நேரம் கிடைக்கும்போது தெரிவிக்கவும்.”

உங்கள் மேலாளர் அலட்சியமாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. கைபேசியில் பதில் எழுதத் தொடங்கியதும் விசைப்பலகை மேலெழுந்து திரையின் பாதியை மறைத்துவிடுகிறது. நீங்கள் கேட்டவை அவர் கண்ணை விட்டு நகர்ந்துவிடுகின்றன. நினைவில் நின்ற முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்.

நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறை காலியாக உள்ளதா என்பதை அறைகளைப் பராமரிப்பவரிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது மேலாளர் முடிவு செய்ய வேண்டியதே அன்று. கையேடு பற்றிய முடிவு தேதி உறுதியான பிறகு போதும். புதிய பெயர்களைச் சேர்க்கும் அதிகாரம் உங்களிடம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது தனி மின்னஞ்சல். எஞ்சுவது தேதி மாற்றம் ஒன்றுதான், அதுவே உங்கள் கோரிக்கை. அறையை முதலில் விசாரித்துவிட்டு இப்படி எழுதலாம்:

> தலைப்பு: பயிற்சியை 19க்கு மாற்ற ஒப்புதல்
>
> வணக்கம் ஐயா,
>
> பயிற்சி வகுப்பை 12ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதிக்கு மாற்ற, வியாழக்கிழமை மாலைக்குள் தங்கள் ஒப்புதல் தேவை.
>
> பயிற்றுநருக்கு 12ஆம் தேதி வேறு பணி இருக்கிறது. 19ஆம் தேதி அவரால் வர இயலும்; அறையும் காலியாக உள்ளது.
>
> ஒப்புதல் கிடைத்ததும் பங்கேற்பாளர்களுக்கு நானே தெரிவித்துவிடுகிறேன்.

இதற்கு அவர் நின்றுகொண்டே “சரி” என்று ஒரு சொல்லில் பதில் தர முடியும். கோரிக்கையும் கெடுவும் முதல் வாக்கியத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். “நேரம் கிடைக்கும்போது” என்பது பணிவாகத் தோன்றினாலும், படிப்பவர் அதைத் தள்ளிப்போடலாம் என்றே எடுத்துக்கொள்வார். தலைப்பில் செய்தியை முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு: கைபேசியின் அஞ்சல் பட்டியலில் தலைப்பின் முதல் முப்பது, நாற்பது எழுத்துகள்தாம் தெரியும். “அடுத்த மாதம் நடைபெறவுள்ள பயிற்சி தொடர்பாக” என்று தொடங்கினால், என்ன வேண்டும் என்பது வருவதற்குள் தலைப்பு அறுந்துவிடும்.

அதே ஒருங்கிணைப்பாளர்: பெயர்களுக்கு ஒன்று, கையேட்டுக்கு ஒன்று என்று அனுப்பினால் எரிச்சலடைய மாட்டாரா?

அடையலாம். ஒரே காலையில் மூன்று மின்னஞ்சல்கள் வருவதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கோரிக்கை என்ற என் விதியை அவர்களிடம் கண்மூடித்தனமாகச் செலுத்த வேண்டாம். ஒரே பொருளைச் சேர்ந்த இரண்டு சிறு கேள்விகளை, 1, 2 என்று எண்ணிட்டு, நடுவே வெற்று வரி விட்டு ஒரே மின்னஞ்சலில் கேட்கலாம். அவரும் “1 சரி, 2 வேண்டாம்” என்று எழுதிவிடுவார். ஆனால் ஒன்றுக்கு உடனே பதில் சொல்ல முடியும், மற்றொன்றுக்கு யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றால் பிரித்து அனுப்புவதே மேல். இல்லாவிட்டால் கடினமான கேள்விக்காக எளிய கேள்வியும் காத்துக் கிடக்கும்.

சிறு நிறுவனம் நடத்துபவர்: எங்கள் மாதச் செய்திமடல் 600 பிக்சல் அகலத்தில் இருக்கிறது. அதில் ஒரே பொத்தான்தான் வைக்க வேண்டும் என்கிறீர்களா?

இங்கே நான் பேசுவது ஒருவர் இன்னொருவருக்குத் தட்டச்சு செய்து அனுப்பும் மின்னஞ்சல் பற்றி. செய்திமடல் படிப்பவர் பதில் எழுதக் கடமைப்பட்டவர் அல்லர். அதன் வடிவமைப்பு வேறு துறை. குறுகிய திரைக்கு ஏற்ப அகலம் சுருங்கும்படி வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். இதற்கு மேல் நான் சொல்வது பொருந்தாது.

சட்ட அலுவலகத்தில் பணியாற்றுபவர்: எங்கள் மூத்த வாடிக்கையாளர்கள் நலம் விசாரிக்காமல் கோரிக்கையில் தொடங்குவதை மரியாதைக் குறைவாக எண்ணுகிறார்கள். நீங்கள் சொல்வது எங்களுக்கு ஒத்துவராது, அம்மா.

மரியாதையை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். விளியும் ஒரு வாக்கிய நலவிசாரிப்பும் முதலில் வரட்டும். பிறகு வெற்று வரி, அதன்பின் கோரிக்கை தனிப் பத்தியாக நிற்கட்டும். நலவிசாரிப்பையும் கோரிக்கையையும் ஒரே பத்தியில் கலப்பதுதான் சிக்கல். ஆனால் நீண்ட முன்னுரையையே எதிர்பார்க்கும் வாடிக்கையாளரும் இருப்பார்; அவரை நேரில் அறிந்தவர் நீங்கள் என்பதால், அந்த முடிவு உங்களுடையது.

கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர்: நிலுவைப் பட்டியலை எட்டு நெடுவரிசை அட்டவணையாக மின்னஞ்சலிலேயே ஒட்டுகிறேன். கைபேசியில் எழுத்து எறும்பு போலத் தெரிகிறதாம்.

அகலமான அட்டவணையைத் திரைக்குள் அடக்க, சில செயலிகள் மின்னஞ்சல் முழுவதையும் சுருக்கிவிடுகின்றன. அட்டவணைக்கு வெளியே நீங்கள் எழுதிய வாக்கியங்களும் சேர்ந்தே சிறுத்துப்போகின்றன. வேறு சில செயலிகளில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். இடைவெளிக் கட்டையைத் தட்டி நெடுவரிசைகளை ஒழுங்குபடுத்தினாலும் நிற்காது, ஏனெனில் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை.

அட்டவணையைக் கோப்பாக இணையுங்கள். அதில் பெறுபவர் கவனிக்க வேண்டியதை மட்டும் வாக்கியமாக எழுதுங்கள்: “இணைப்பில் உள்ள பட்டியலில் 3ஆம், 7ஆம் விலைப்பட்டியல்கள் இன்னும் நிலுவையில் உள்ளன. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.” கோப்பைத் திறக்காமலேயே அவர் பதில் சொல்லும்படி அந்த இரண்டு வாக்கியங்களும் இருக்க வேண்டும்.