கரு வளரவில்லையா, தேதி தவறா?

*"கடைசி மாதவிடாய் ஜனவரி 10 அன்று வந்தது. எனக்கு எப்போதும் 38 நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். பிப்ரவரி 18-இல் வீட்டில் டெஸ்ட் எடுத்தேன், இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. மார்ச் 4-இல் ஸ்கேன் எடுத்தபோது, கரு 5 மி.மீ., 6 வாரம் 2 நாள், இதயத்துடிப்பு தெரியவில்லை என்றார்கள். மொபைல் ஆப்போ 7 வாரம் 4 நாள் என்கிறது. கரு வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சுத்தம் செய்துகொள்ளலாமா? எனக்கு வாந்தியே இல்லை, போன வாரம் பழுத்த பப்பாளி ஒரு துண்டு சாப்பிட்டேன், அதுவும் காரணமா?"*

அந்த மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். 5 மி.மீ. கருவில் இதயத்துடிப்பு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் கரு போய்விட்டது என்று முடிவு செய்ய மாட்டார். குறைந்தது 7 மி.மீ. வளர்ந்தும் துடிப்பு இல்லையென்றால்தான் அப்படிச் சொல்ல முடியும். மருத்துவரே சொல்லத் தயங்குவதை உறவினர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

உங்கள் ஆப் செய்யும் கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் நேகெல் பெயரில் பரவியது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும், அதாவது சுமார் 280 நாள். ஜனவரி 10-க்கு அது அக்டோபர் 17. ஆனால் இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவருக்கானது. அவருக்கு 14-ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும். சுழற்சி நீளும்போது பெரும்பாலும் முட்டை முதிரும் முன்பகுதிதான் நீள்கிறது. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய்க்கு ஆகும் சுமார் 14 நாள் பெரிதாக மாறுவதில்லை. உங்கள் 38 நாளில் 14-ஐக் கழித்தால் 24-ஆம் நாள், அதாவது பிப்ரவரி 2 வாக்கில்தான் கரு உருவாகியிருக்கும். 28-ஐவிட உங்கள் சுழற்சி 10 நாள் அதிகம், ஆகவே பிரசவத் தேதியும் 10 நாள் தள்ளி அக்டோபர் 27. ஸ்கேன்படி கணக்கிட்டால் அக்டோபர் 26 வருகிறது. ஒரு நாள்தான் வித்தியாசம். வயதுக்கு ஏற்ற அளவில்தான் கரு இருக்கிறது. அதன் வயதை ஆப் கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். (சுழற்சி ஒரு மாதம் 30, மறு மாதம் 45 என்று மாறுபவர்களுக்கு இந்தக் கூட்டல் உதவாது. அவர்கள் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும்.)

பிப்ரவரி 18 டெஸ்டும் இதோடு ஒத்துப்போகிறது. உங்களுக்கு மாதவிடாய் வர வேண்டியிருந்தது 17-ஆம் தேதி. மறுநாள் மங்கலான கோடு. இதுவே பிப்ரவரி 5-இல் பாசிட்டிவ் வந்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். 2-ஆம் தேதி உருவான கரு மூன்றே நாளில் டெஸ்டில் தெரியாது. அப்போது கருவின் வயது ஆப் சொல்வதுதான் என்றாகும், அந்த வயதுக்கு 5 மி.மீ. குறைவு.

அதற்காக எல்லாம் சரி என்று இப்போதே உறுதி தர முடியாது. துடிப்பு இன்னும் தெரியவில்லையே. மார்ச் 14 வாக்கில் அதே இடத்தில், பிறப்புறுப்பு வழியாகவே, மீண்டும் ஸ்கேன் எடுங்கள். இந்த வயதில் கரு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும், ஆகவே 1 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், துடிப்பும் தெரிய வேண்டும். அன்றும் துடிப்பு இல்லையென்றால் உங்கள் மருத்துவர் அடுத்ததைச் சொல்வார். அதற்கு முன்பே மூன்று சென்டர்களில் மூன்று ஸ்கேன் எடுத்துக் குழம்ப வேண்டாம்.

அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் வலியோடு இரத்தப்போக்கு வந்தால் நாள் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, எழுந்து நின்றால் மயக்கம் வந்தாலோ, இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். "காலையில் பார்க்கலாம்" வேண்டாம். உள்ளாடையில் பழுப்பு நிறக் கறை மட்டும் என்றால் அவசரமில்லை, மருத்துவருக்கு போன் செய்து சொன்னால் போதும்.

வாந்தி இல்லையா? நல்லது, நன்றாகச் சாப்பிடுங்கள். பழுத்த பப்பாளித் துண்டு கருவைக் கலைக்காது.

அப்புறம், 14-ஆம் தேதி துடிப்பு தெரிந்துவிட்டால், கர்ப்பக் கால அட்டையில் அக்டோபர் 17-ஐ அடித்துவிட்டு ஸ்கேன் தேதியை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அக்டோபர் 24 அன்று "41 வாரம் ஆகிவிட்டது, வலி வரவழைக்க வேண்டும்" என்பார்கள். உங்கள் கருவுக்கு அன்று 39 வாரமும் சில நாட்களும்தான் ஆகியிருக்கும். ஒருமுறை திருத்திய தேதியை, 7-ஆம் மாத ஸ்கேன் வேறு எதையாவது காட்டுகிறதென்று மறுபடி மாற்ற விடாதீர்கள்.