மீட்டிங்கில் துணியில்லாமல் நிற்கும் கனவு: கேள்வி பதில்

சூரமங்கலத்திலிருந்து, ஃபைனான்ஸ் ஊழியர்: மேடம், திங்கட்கிழமை ரிவ்யூவில் உடம்பில் துணியில்லாமல் நிற்கிறேன். ஒரு ஃபைலால் மறைத்துக்கொள்கிறேன். யாருமே என்னைப் பார்ப்பதில்லை. மூணு மாசமா வாரம் இரண்டு தடவை இதே கனவு.

யாரும் பார்க்காததுதான் இந்தக் கனவின் விசேஷம். மனோதத்துவ மருத்துவர் ஃப்ராய்டு 1900-லேயே இதை எழுதியிருக்கிறார். கூசுவது நீங்கள் மட்டும்தான். அது என்ன ஃபைல், சார்?

அதே நபர்: பச்சை ஃபைல். மார்ச்சில் வசூல் குறைந்ததுக்கு மேனேஜர் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லி, "இதுக்கெல்லாம் சம்பளம் வேற"ன்னார். அப்ப அதைத்தான் நெஞ்சோடு பிடிச்சிருந்தேன்.

ஃபைல் அப்படியே கனவுக்குள் வந்துவிட்டது, பாருங்கள். வசூல் குறைந்ததற்கான வருத்தம் மட்டும் என்றால் அடுத்த மாதம் ஈடுகட்டியதும் ஆறியிருக்கும். அவர் குறைத்துப் பேசியது வேலையை அல்ல, உங்களை. அதனால்தான் உடம்பு மறைவிடம் தேடுகிறது.

பகலில் ஒரு நோட்டில் கனவை எழுதுங்கள். பிறகு ஓர் இடத்தை மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்: நாற்காலியில் கிடக்கும் சட்டையை நிதானமாகப் போட்டுக்கொண்டு, ஃபைலைத் திறந்து கணக்கைப் படிக்கிறீர்கள். மேனேஜரை அடிப்பதாக எழுத வேண்டாம். கோபத்தில் நெஞ்சு படபடத்தால் பயிற்சி ஓடாது. மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். சில வாரம் ஆகும். கனவு நிற்காவிட்டாலும், விழிக்கும்போது இருக்கும் பதற்றம் குறைகிறதா என்று கவனியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ஃப்ராய்டு இதை அடக்கின ஆசைன்னுதானே சொன்னார்?

சின்ன வயதில் துணியில்லாமல் ஓடியாடிய சந்தோஷத்துக்கான ஏக்கம் என்றார். பார்ப்பவர்கள் கண்டுகொள்வதில்லை என்று கவனித்தது சரி; காரணம் எனக்கு ஒப்பவில்லை. பச்சை ஃபைலுக்கு அதில் இடமில்லையே!

ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்: அம்மா, எனக்கு எழுபத்தொண்ணு. துரை முன்னாடி வேட்டியில்லாம, ஆளுங்க பேரைக் கூப்பிட்டு மஸ்டர் வாசிக்கிற கனவு இன்னும் வருது. போன மாசம் பிபி மாத்திரை மாத்தினாங்க, அதுலருந்து ஜாஸ்தி.

ஐயா, சில பிபி மாத்திரைகள் கெட்ட கனவைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டோடு போய், எழுதிக்கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். அந்த மஸ்டர் நாளைப் பற்றி, மனம் வந்தால், எனக்கு எழுதுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: அம்மணமாக் கனவு கண்டா வேலை போகும்னு மாமியார் சொல்றாங்க. லீவு போடட்டுமா, அக்கா?

வேண்டாம்மா. கனவு நாளைக்கு நடப்பதைச் சொல்லாது. ஆனால் ஆபீசில் யாராவது உண்மையிலேயே தொட்டு, அசிங்கமாகப் பேசித் தொல்லை கொடுக்கிறார்களா? அப்படியானால் கனவைத் திருத்தி எழுதுவது போதாது. தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் பேர் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். ஆபீஸ் புகார் கமிட்டிக்கு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.